ஓய்வு பெற்ற முதல் வருஷம்: ஓய்வூதியர் நாள் உரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, கருவூல அலுவலர் அவர்களே, நூலகர் அவர்களே, சங்கத்தின் மூத்த தோழர்களே, சகோதரிகளே, வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கத்தாருக்கும் நன்றி.

இன்று டிசம்பர் 17. 1982-இல் இதே நாளில்தான், ஓய்வூதியம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற்ற பிறகு பொழுதை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேச வந்தேன்.

‘பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும்’ என்பார்கள். என் நண்பர் ஒருவர் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். காலையில் ஆபீஸைத் திறந்ததும் முத்திரையில் நேற்றைய தேதியைக் கழற்றி இன்றைய தேதியைப் பொருத்துவார். முதல் குத்தை ஒரு நோட்டில் பதித்துப் பார்ப்பார். அப்புறம்தான் மற்ற வேலை.

ஓய்வு பெற்ற முதல் மாதம் கல்யாணம், கோயில் என்று ஓடிவிட்டது. அடுத்த மாதம் அவருக்குக் கிழமையே குழம்ப ஆரம்பித்தது. செவ்வாயா, புதனா என்று மனைவியைக் கேட்பார். ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். பழைய ஆபீஸுக்குப் போனார். எல்லோரும் எழுந்து நின்றார்கள், டீ வந்தது. அடுத்த முறை நாற்காலி மட்டும் கிடைத்தது. அப்புறம் ஒரு நாள், புதிதாக வந்த பெண், “ஐயா, கவுண்டருக்கு இந்தப் பக்கம் வரக்கூடாதுங்க” என்றாள். விதி அதுதான். அவரே எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

பிறகு அதிகாரம் சமையலறைக்குள் போனது. பருப்பு டப்பா ஏன் இங்கே இருக்கிறது, காஸ் எப்போது பதிந்தாய் என்று விசாரணை. மதியம் அந்த அம்மாவுக்குக் கிடைத்த ஒரு மணி நேரத் தனிமையும் போயிற்று. பாறையிலும் கோழி சீய்க்கும் என்பது இதுதான்.

அப்போதுதான் அவருடைய எதிர்வீட்டு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோனது. உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனால் கைரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள். முகத்தைக் காட்டியே சான்று பதியும் வசதி 2021-இல் வந்துவிட்டது நண்பருக்குத் தெரியும். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிப் புத்தகம், செல்போன் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்தார். முதலில் பதியவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மறுபடி எடுத்தார், பதிந்தது. நிலுவையோடு பணம் வந்தது. இப்போது ஒன்பது மணிக்கு அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

அதனால்தான் நம் சங்கம் நூலகத்தில் சனிக்கிழமை தோறும் ஓர் உதவி மேசை கேட்கிறது. புதிதாக ஓய்வு பெற்றவர்களைத்தான் அதில் முதலில் உட்காரவைக்க வேண்டும். படிவமெல்லாம் அவர்களுக்குத்தான் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. காலைப் பொழுதுக்கு வேலையும் அவர்களுக்குத்தான் வேண்டும். பணத்தைத் தொடக்கூடாது, யாருடைய ஓ.டி.பி.யையும் குறித்து வைக்கக்கூடாது, இவை கண்டிப்பு. மேசையும் நாற்காலியும் நாங்கள் தருகிறோம். நூலகர் அவர்கள் இடம் மட்டும் ஒதுக்க வேண்டும், வட்டாட்சியர் அம்மா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெயர் கொடுக்க வேண்டிய நோட்டு செயலாளரிடம் இருக்கிறது.