மங்கிய போட்டோவில் இருக்கும் கணக்கு: மறைந்த எண்ணைக் கணக்கையே கேட்டுக் கண்டுபிடிப்பது

[திரை: மங்கலான ஒரு போட்டோ. ஜெராக்ஸ் தாள், ஓரத்தில் கை நிழல்.]

வணக்கம்ங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் பி.காம். படிக்கிற என் அண்ணன் மகள் இந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். காமர்ஸ் மாணவர்களுக்கான ஆப்டிட்யூட் பயிற்சித் தாள். விகிதம், சதவீதம், தனிவட்டி மூன்றும் கலந்து வருகிறது. "சித்தப்பா, பாதி எண்ணு தெரியலீங்க, இருந்தாலும் போட்டுக் குடுங்க" என்று கீழே ஒரு வரி.

முதலில் போட்டோவைக் கொஞ்சம் சரிசெய்வோம். கேலரியில் எடிட் போய் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள், பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் தாளும் எழுத்தும் சேர்ந்தே வெளுத்துவிடும், அதில் பயனில்லை. திரும்ப அனுப்பச் சொல்ல முடிந்தால், படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது.

இவ்வளவு செய்த பிறகும் சில எண்கள் தெரியாது. எவை மறையும் என்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். புள்ளிகள் முதலில் போகும். விகிதக் குறியின் இரண்டு புள்ளிகள் போய்விட்டால் 3:4 என்பது 34 ஆகிவிடும். தசமப் புள்ளி போனால் 12.5 என்பது 125. அப்புறம் வளைவு உள்ள எண்கள் ஒன்றையொன்று போலத் தெரியும்: 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும், 0வுக்கும் 8க்கும் குழப்பம் வரும்.

[திரை: முதல் கணக்கு பெரிதாக]

முதல் கணக்கு. ஈரோடு மஞ்சள் மண்டியில் மூன்று பேர் கூட்டு வியாபாரம் செய்கிறார்கள். லாபம் ₹78,000. அதை 3 : 4 : ? என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். மூன்றாமவருக்கு முதலாமவரைவிட ₹18,000 அதிகம் கிடைக்கிறது. இரண்டாமவரின் பங்கு எவ்வளவு?

அந்தக் கடைசி எண் 5 மாதிரியும் இருக்கிறது, 6 மாதிரியும் இருக்கிறது. பலர் உடனே செய்வது, வகுத்துப் பார்த்து முழு எண் வருவதை எடுத்துக்கொள்வது. இங்கே அது ஏமாற்றும். 5 என்றால் மொத்தம் 12 பங்கு, ஒரு பங்கு ₹6,500. 6 என்றால் மொத்தம் 13 பங்கு, ஒரு பங்கு ₹6,000. இரண்டுமே மீதியில்லாமல் வகுபடுகிறது. விடைகளைப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது, 26,000மும் இருக்கிறது, 24,000மும் இருக்கிறது.

கணக்கில் இன்னும் தொடாத வாக்கியம் ஒன்று இருக்கிறது, அந்த ₹18,000. அதை வைத்துச் சோதிப்போம். 5 என்று வைத்தால் மூன்றாமவருக்கும் முதலாமவருக்கும் இடையே 2 பங்கு வித்தியாசம். அது ₹13,000, பொருந்தவில்லை. 6 என்றால் 3 பங்கு வித்தியாசம், மூன்று ஆறாயிரம் பதினெட்டாயிரம். பொருந்துகிறது. ஒருவேளை அது 8 ஆக இருந்தால்? 15 பங்கு, ஒரு பங்கு ₹5,200, வித்தியாசம் ₹26,000. அதுவும் இல்லை. ஆகவே எண் 6, இரண்டாமவரின் பங்கு ₹24,000.

எண் சுத்தமாகவே தெரியவில்லை என்றாலும் இதே வாக்கியம் போதும். அதை x என்று வைத்துக்கொள்ளுங்கள்:

[திரை:]

```
78000 × (x − 3) / (7 + x) = 18000
78x − 234 = 126 + 18x
60x = 360,  x = 6
```

[திரை: இரண்டாம் கணக்கு]

இது சீக்கிரம் முடிந்துவிடும். திருப்பூர் கடையில் ஒரு பனியன் பெட்டியின் குறித்த விலை ₹1,600. "12 5% தள்ளுபடி" தருகிறார்கள், அதற்குப் பிறகும் கடைக்காரருக்கு 12% லாபம். அடக்க விலை என்ன?

12க்கும் 5க்கும் நடுவில் ஒரு இடைவெளி, புள்ளியைக் காணோம். 125% தள்ளுபடி என்றால் கடைக்காரர் பெட்டியையும் கொடுத்து கையில் ₹400 வைத்து அனுப்ப வேண்டும். அப்படி ஒரு கடை திருப்பூரில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். ஆகவே 12.5%, அதாவது எட்டில் ஒரு பங்கு. 1,600இல் எட்டில் ஒன்று 200. விற்ற விலை ₹1,400.

இனி கவனம். தள்ளுபடி குறித்த விலை மேல் போடுவது, லாபம் அடக்க விலை மேல் போடுவது. 1,400இல் 12% கழித்து 1,232 என்று எழுதுகிறவர்கள் நிறைய. 1,400 என்பது அடக்க விலையின் 112%. அதனால் 1,400ஐ 112ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும், ₹1,250 வரும். 1,250இல் 12% என்பது 150. இரண்டையும் கூட்டினால் 1,400. சரி.

[திரை: மூன்றாம் கணக்கு. இரண்டு இடங்களில் சிவப்பு வட்டம்.]

எனக்குப் பிடித்த கணக்கு இதுதான். ஒரு தொகை தனிவட்டியில் 3 ஆண்டில் ₹9,200 ஆகிறது, 5 ஆண்டில் ₹10,?00 ஆகிறது. அசலும் வட்டி வீதமும் காண்க. வீதத்துக்குக் கொடுத்திருக்கும் விடைகள் 4%, 5%, 6%, 10%.

இரண்டு இடத்தில் சந்தேகம். அந்த 3 ஒருவேளை 8ஆக இருக்கலாம். பத்தாயிரத்துக்குப் பின்னால் இருக்கும் எண் 0, 6, 8 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

முதல் சந்தேகத்துக்குப் பேனாவே வேண்டாம். 8 ஆண்டில் 9,200 என்றால், அதைவிடக் குறைந்த 5 ஆண்டில் பத்தாயிரமோ அதற்கு மேலோ எப்படி வரும்? வட்டி ஏறுமே தவிர இறங்காது. ஆகவே அது 3.

இரண்டாவதுக்குத் தனிவட்டியின் குணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனிவட்டியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வட்டிதான் சேரும், ஏனென்றால் அது எப்போதும் அசல் மீது மட்டுமே போடப்படுகிறது. 3ஆம் ஆண்டு முடிவிலிருந்து 5ஆம் ஆண்டு முடிவு வரை ஏறிய தொகை, சரியாக 2 ஆண்டு வட்டி.

10,000 என்று வைப்போம். ஏற்றம் 800, ஓர் ஆண்டு வட்டி 400. மூன்று ஆண்டுக்கு 1,200. 9,200இல் 1,200 போக அசல் 8,000. நூற்றுக்கு எவ்வளவு? 8,000க்கு 400 என்றால் 5%. விடையில் இருக்கிறது.

10,600 என்று வைத்தால் ஏற்றம் 1,400, ஆண்டு வட்டி 700, அசல் 7,100. வீதம் 9 முழுக்களும் 71இல் 61 பாகமும். யாரும் இப்படி ஒரு கணக்கு எழுத மாட்டார்கள். 10,800 என்றால் ஆண்டு வட்டி 800, அசல் 6,800, வீதம் 11 முழுக்களும் 17இல் 13 பாகமும். இதுவும் விடையில் இல்லை. மறைந்த எண் 0.

பின்னம் வந்தாலே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டரை, பதினாறே மூன்றில் இரண்டு, முப்பத்து மூன்றே மூன்றில் ஒன்று எல்லாம் இந்தத் தாள்களில் சகஜமாக வரும், அவை எட்டில், ஆறில், மூன்றில் ஒரு பங்கு என்பதால். 71இல் 61 மாதிரி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்புறம், எண்கள் அழகாக விழ வேண்டும் என்ற இந்த நியாயம் யாரோ உட்கார்ந்து உருவாக்கிய கணக்குக்கு மட்டும்தான். உங்கள் வங்கிக் கடன் ரசீதில் ஓர் எண் மங்கியிருந்தால் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இப்போது சூத்திரத்தில் போட்டுச் சரிபார்ப்போம்.

[திரை:]

```
I = P × n × r / 100
8000 × 3 × 5 / 100 = 1200   →  8000 + 1200 =  9200
8000 × 5 × 5 / 100 = 2000   →  8000 + 2000 = 10000
```

இரண்டு வரியும் தாளோடு ஒத்துப்போகின்றன. ஒரு வரியை மட்டும் சரிபார்த்து விடாதீர்கள். மங்கிய எண் இரண்டு வரியிலுமே இருந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னொரு இடத்திலும் தடுமாறுகிறார்கள். ஊரில் "நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி" என்றால் அது மாத வட்டி, ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 24%. புத்தகத்திலோ 2% என்று எழுதினால் பெரும்பாலும் ஆண்டுக்கு. "ஆண்டுக்கு" என்ற சொல்லே மங்கிய போட்டோவில் போய்விட்டால், வீட்டில் கேட்டுப் பழகிய மாத வட்டி மனதுக்குள் வந்துவிடும். இந்தக் கணக்கில் 5% மாத வட்டியாக இருந்தால் 8,000க்கு மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 14,400. தாளில் மொத்தத் தொகையே 9,200தான்.

[திரை: நான்காம் கணக்கு]

கடைசியாக இது. ₹5,000க்கு ?% வீதத்தில் 2 ஆண்டுக்குத் தனிவட்டி என்ன? அந்த எண் 6 அல்லது 8. 6 என்றால் வட்டி 600, 8 என்றால் 800. விடைகளில் இரண்டுமே இருக்கின்றன. சோதித்துப் பார்க்க வேறு வாக்கியமோ இரண்டாவது தொகையோ கிடையாது. முந்தைய கணக்குகளில் ஒன்றுக்கு இரண்டு தகவல் இருந்ததால்தான் மறைந்த எண்ணைப் பிடிக்க முடிந்தது. இங்கே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கணக்கு பதில் சொல்லாது.

அதனால் அவளுக்கு இரண்டு விடையையும் எழுதி, எது எந்த எண்ணுக்கு என்று பக்கத்தில் குறித்து அனுப்பியிருக்கிறேன். கூடவே, அந்த ஒரு வரியை மட்டும் பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, ஃப்ளாஷ் போடாமல், கிட்டக் கொண்டுபோய் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.