பழுதான பிரிட்ஜ், மூன்று ஜாப் ஷீட், இரண்டு வருடக் கெடு

வணக்கம். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு தாளைப் பிடிக்கிறேன், பாருங்கள். எங்கள் அம்மா வீட்டு பிரிட்ஜின் பில் இது. 2023 நவம்பர் 10, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வாங்கியது. விலை 32,500 ரூபாய். அந்தத் தொகை உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கே சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. சூட்டில் அச்சாகும் இந்தத் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். நல்ல வேளையாக, வாங்கிய மறுநாளே தங்கை இதை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கு வீட்டுக்கு எந்தப் பொருள் வாங்கினாலும் பில்லை முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

இந்த பிரிட்ஜுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நாங்களே வழக்கு நடத்தினோம். கடை பெயரும் கம்பெனி பெயரும் சொல்லப்போவதில்லை. எந்தத் தாள் எங்களைக் காப்பாற்றியது, எந்த இடத்தில் ஏமாந்தோம், எந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது, இவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

வாங்கி ஐந்து மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, பால் திரிந்துபோயிருந்ததைப் பார்த்துத்தான் குளிர் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். மே 14 அன்று மறுபடி அதே பழுது, மறுபடி கேஸ். ஜூன் 20 அன்று மூன்றாவது முறை. பிரிட்ஜில் இருக்கும் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் வாரண்டி ஒரு வருடம் அப்படியே ஓடிவிடும்.

நாங்கள் ஏமாந்த இடம் இதுதான். மெக்கானிக் வேலையை முடித்ததும் அம்மாவின் போனுக்கு நான்கு இலக்க எண் ஒன்று வந்தது. 'ஹேப்பி கோடு' என்று சொல்வார்கள். "அதைச் சொல்லுங்கம்மா, நான் கிளம்பணும்" என்று கேட்டார், அம்மாவும் சொல்லிவிட்டார். முதல் முறை, இரண்டாவது முறை, இரண்டுக்கும் இப்படித்தான் நடந்தது. அந்த எண்ணைச் சொன்ன உடனே கம்பெனியின் கணினியில் 'வாடிக்கையாளர் திருப்தி, புகார் முடிந்தது' என்று பதிவாகிவிடுகிறது. பின்னால் நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தபோது கம்பெனி அனுப்பிய பதிலே, புகார்கள் தீர்க்கப்பட்டு வாடிக்கையாளர் உறுதி செய்துவிட்டார் என்பதுதான். அதனால் பொருள் உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்க்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். பிரிட்ஜ் என்றால் ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மெக்கானிக் மேல் கோபப்பட வேண்டாம், அவருக்கு அந்த எண் இருந்தால்தான் கூலி கணக்காகும். "நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும்.

மூன்றாவது முறை நானே வீட்டில் இருந்தேன். வந்தவர் பின்பக்கம் பார்த்துவிட்டு, "இது பாடி லீக் சார், குழாய் உள்ளே ஃபோமுக்குள்ள போகுது, பிரிச்சுச் சரிபண்ண முடியாது" என்றார். ஆனால் செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'கேஸ் சார்ஜ்' என்று மட்டும் எழுதினார். வாயால் சொன்னதைத் தாளிலும் எழுதித் தாருங்கள் என்று பொறுமையாகக் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், அப்புறம் எழுதினார். இதோ, மூன்றாவது ஜாப் ஷீட், கீழே இரண்டே சொல்: 'பாடி லீக்'. தயாரிப்புக் குறை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு புகார் கொடுத்தவருக்கு. கம்பெனியின் ஆளே எழுதிய இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் எங்கள் வழக்கு நின்றது.

எழுதித் தர மறுத்தால் என்ன செய்வது? ஜாப் ஷீட்டில் வாடிக்கையாளர் கருத்து என்று ஓர் இடம் இருக்கும். 'குளிர் இல்லை, மூன்றாவது முறை, பாடி லீக் என்று மெக்கானிக் சொன்னார்' என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அன்றைக்கே அதைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவும் போதவில்லை என்றால் பொருளைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே கேட்கலாம். ஆய்வுக்கூடம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும், ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

சரி, கெடுவுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். அந்த நாள் எது? வாங்கிய நாளா, பழுது தெரிந்த நாளா, கடைக்காரர் மறுத்த நாளா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கிற வாதம் இதுதான். அதனால் என் யோசனை, பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அப்போது யாரும் கேள்வி கேட்க முடியாது. எங்களுக்கு அது 2025 நவம்பர் 9. கெடு தாண்டிவிட்டாலும் காரணத்தை விளக்கி, தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போடலாம். ஆனால் ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில் இருக்கிறது.

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1915-க்குப் பேசினோம், புகார் எண் வந்தது, கம்பெனி 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டது, காத்திருந்தோம் என்பார்கள். உதவி எண் நல்ல வழிதான், பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. ஆனால் அவர்களால் சமரசம் பேச முடியுமே தவிர உத்தரவு போட முடியாது. அங்கே காத்திருக்கிற நாளெல்லாம் இரண்டு வருடக் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பினாலும் கெடு நீளாது. நான் ஒரு மாதம்தான் பொறுக்கச் சொல்வேன். ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது: அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

ஜூலை 1 அன்று நோட்டீஸ் அனுப்பினோம். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று இல்லை. ஒரே பக்கம். எப்போது வாங்கினோம், எந்தெந்தத் தேதியில் பழுது, என்ன வேண்டும், 15 நாளில் பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போவோம். அவ்வளவுதான். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்பார், கம்பெனி "டீலரைக் கேளுங்க" என்பார்கள், அதனால் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். கம்பெனியின் முழுப் பெயரும் முகவரியும் பிரிட்ஜின் உள்ளேயோ பின்னாலேயோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். கடையிலிருந்து வந்த பதில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே இருக்கிறது'. குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் காலம் ஏதும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

ஆகஸ்ட் 5 அன்று இணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். அப்போது இ-தாக்கில் தளம், இப்போது அந்த வேலை e-jagriti.gov.in தளத்துக்கு மாறிவிட்டது. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. எங்கள் கோப்பில் இருந்தவை: புகார் மனு, அதில் சொன்னது உண்மை என்ற பிரமாண வாக்குமூலம், தேதி வாரியான நிகழ்வுப் பட்டியல், பில், வாரண்டி அட்டை, மூன்று ஜாப் ஷீட், நோட்டீஸும் தபால் ரசீதுகளும். போனில் வந்த குறுஞ்செய்திகளை அச்செடுத்துச் சேர்த்ததால், மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவைப்படும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வைத்தோம். நிகழ்வுப் பட்டியலுக்கு மட்டும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். ஆணைய உறுப்பினர்கள் முதலில் திருப்பியது அந்தப் பக்கத்தைத்தான்.

புகாரை ஏற்பதா வேண்டாமா என்று 21 நாளில் முடிவாக வேண்டும். ஏற்றதும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் தர அவர்களுக்கு 30 நாள், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள். அந்த 45-க்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. எனவே நோட்டீஸ் அவர்களுக்குக் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். எங்கள் வழக்கில் கம்பெனி 38-ஆவது நாள் பதில் கொடுத்தது. கடைக்காரர் வரவே இல்லை.

கம்பெனி தன் பதிலில் ஹேப்பி கோடைத்தான் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை திருப்தி என்று உறுதி செய்தவர் இப்போது குறை சொல்கிறார் என்று எழுதியிருந்தார்கள். ஆறே வாரத்தில் அதே பழுதுக்கு அவர்கள் ஆளே வந்து அதே கேஸை நிரப்பினார் என்பதற்கு இரண்டாவது ஜாப் ஷீட், எதனால் என்பதற்கு மூன்றாவது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன், வேறு வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

பரிசோதனை தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களுக்குப் பதினொரு மாதம் ஆனது. 2025 ஜூலையில் உத்தரவு வந்தது: 32,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவுக்கு 3,000. மன உளைச்சலுக்கு நான் கேட்டது 50,000. கையில் ஆவணம் இருந்ததற்கு மட்டும்தான் முழுத் தொகை கிடைத்தது, மருந்து வைக்க இடமில்லாமல் அம்மா பட்ட சிரமத்துக்கு எங்களிடம் தாள் எதுவும் இல்லை.

பணம் தர அவர்களுக்கு 45 நாள் அவகாசம். மேல்முறையீட்டுக்கும் அதே 45 நாள்தான், மாநில ஆணையத்துக்குப் போவதென்றால் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அவர்கள் போகவில்லை. கெடு முடிந்தும் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். 72-ஆம் பிரிவின் கீழ் சிறைத் தண்டனை வரைக்கும் போகும் என்பதால் அதைக் கம்பெனிகள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எங்களுக்கு 40-ஆவது நாள் வரைவோலை வந்தது.

அதற்கு அடுத்த வாரம் பிரிட்ஜை எடுத்துப்போக இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். அவர்களிடமும் ஒரு தாளில் மாடல் எண், சீரியல் எண், தேதி எல்லாம் எழுதி, 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் அம்மா கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.