மச்சம் இருக்கட்டும், பரு போகட்டும்: போர்ட்ரெய்ட் டச்சிங்கில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்றைக்கு கேமரா பற்றியோ லென்ஸ் பற்றியோ பேசப் போவதில்லை. போன வாரம் ஸ்டுடியோவுக்கு வந்த ஒருவர் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். வயது 46. சொந்தமாக கிளினிக் திறக்கிறார், வாசல் போர்டில் வைக்க ஒரு படம் வேண்டும். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு ஸ்டுடியோ பக்கமே வந்ததில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, டச்சிங் பண்ணுவீங்கன்னு தெரியும். என்னென்ன மாத்துவீங்க? போர்டைப் பார்த்துட்டு வர்றவங்க உள்ளே வந்து, டாக்டர் எங்கேன்னு என்கிட்டயே கேட்கக் கூடாது."

வேலை முடிந்த பிறகு படத்தில் ஆளையே காணோம் என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம். இவர் முதலிலேயே கேட்டுவிட்டார். அதனால் படம் எடுக்கும் முன்பே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். படத்தைக் காட்டப் போவதில்லை. செய்து காட்ட வேண்டிய இடத்தில் என் கன்னத்தையே திரையில் வைக்கிறேன்.

பள்ளிக்கூட டிசியில் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு இடம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? வலது முழங்கையில் மச்சம், நெற்றியில் தழும்பு என்று எழுதியிருப்பார்கள். நான் கையை வைக்கும் முன் மனதில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தான். டிசியில் எழுதக் கூடியது எதுவோ, அது படத்தில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் முகத்தில் இருக்கப் போவதில்லை என்றால் அதை எடுக்கலாம்.

அவர் முகத்தையே எடுத்துக்கொள்வோம். தாடையில் முந்தின நாள் கிளம்பிய ஒரு பரு. மேல் உதட்டுக்கு மேலே மச்சம். நெற்றியில், பொட்டுக்கு மேலே, சின்ன அம்மைத் தழும்பு. இரண்டு கன்னத்திலும் மங்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம். சிரித்தால் மூக்கிலிருந்து வாயோரம் வரை இறங்கும் கோடு.

பரு போய்விடும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மச்சத்தைத் தொட மாட்டேன். தழும்பு அவருடையது, அதனால் அவரிடமே கேட்டேன். "ஆறு வயசுல வந்தது, இருக்கட்டும்" என்றார். எடுக்கச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன், முகம் அவருடையது. ஆனால் நானாக முடிவு செய்து எடுப்பது தப்பு.

கஷ்டம் நடுவில் இருப்பவைதான்: மங்கு, கருவளையம், சிரிப்புக் கோடு. இவை நாளைக்கே போகிறவை அல்ல, ஆனால் வெளிச்சத்தைப் பொறுத்து கூடும், குறையும். கேமராவும் விளக்கும் சேர்ந்து இவற்றை நேரில் தெரிவதைவிட அதிகமாகவே காட்டும். நேரில் பேசும்போது முகம் அசைந்துகொண்டே இருக்கிறது, நம் கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. படத்தில் அந்தக் கருவளையம் அப்படியே நிற்கிறது. அதனால் இவற்றைக் குறைக்கலாம், அழிக்கக் கூடாது. நான் பாதி அளவில் நிறுத்துவேன்.

ஏன் அழிக்கக் கூடாது? சிரிப்புக் கோட்டை முழுக்க எடுத்துவிட்டால் உதடு மட்டும் சிரிக்கும், கன்னம் சிரிக்காது. பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் அது பொய்ச் சிரிப்பாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையில் ஒரு பங்கு தோலின் நிறம், இன்னொரு பங்கு கண் குழிக்குள் இருப்பதால் விழும் நிழல். நிழலையும் சேர்த்து எடுத்தால் குழியே இல்லாமல் போகும், கண் வீங்கிய மாதிரி ஆகிவிடும். ஒரு முகத்தை இன்னார் என்று நாம் கண்டுகொள்வதில் இந்த நிழல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தோலில் இருக்கும் புள்ளி போனால் ஆள் மாறுவதில்லை, நிழல் போனால் மாறிவிடுவார்.

இப்போது மங்கின் கருமையை எப்படிக் குறைப்பது என்று பாருங்கள். இதோ திரையில் என் கன்னம், வெயிலில் கருத்த இடம். ஃபோன் செயலி இந்த இடத்தை மொத்தமாக மங்கலாக்கிவிடும். கருமையும் போகும், கூடவே தோலின் துளைகளும் போகும். அப்படிச் செய்த படத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: கன்னத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கழுத்தில் தோல் தெரியும், கன்னத்தில் மெழுகு தெரியும்.

நான் செய்வது வேறு. ஃபோட்டோஷாப்பில் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கிவிடுவேன். இப்போது படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. பிறகு மென்மையான பிரஷ், வெள்ளை நிறம், ஃப்ளோ 2 சதவீதம். கருமை இருக்கும் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். ஒரு தடவலுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பத்துப் பதினைந்து தடவலில் அந்த இடம் பக்கத்துத் தோலோடு சேரத் தொடங்கும். துளைகள் அப்படியே இருக்கும், ஏனென்றால் நாம் எதையும் மங்கலாக்கவில்லை, வெளிச்சத்தை மட்டும் ஏற்றினோம்.

இதோடு நிறுத்தினால் ஒரு சிக்கல் வரும். வெளிச்சம் சமமாகிவிட்டது, நிறம் ஆகவில்லை. சாம்பல் பூசிய மாதிரி ஒரு திட்டு நிற்கும். அதனால் மேலே இன்னொரு வெற்று லேயர், பிளெண்ட் மோட் 'கலர்', பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து லேசாகத் தடவி, அந்த லேயரின் ஓபாசிட்டியை 30 சதவீதம் அளவில் வைப்பேன். கடைசியாக இரண்டு லேயரையும் ஒரே குரூப்பில் போட்டு, குரூப்பின் ஓபாசிட்டியைப் பாதிக்கு இறக்குவேன். அவர் படத்தில் 55-ல் நின்றேன். மங்கு இருக்கிறது, ஆனால் முதலில் கண்ணில் படுவது அது இல்லை.

என் குருநாதர் ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சிங் மேஜை ஒன்று இருந்தது. கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவிலேயே புள்ளி புள்ளியாக வைப்பார். சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும், அங்கே பென்சில் ஏறினால் பிரிண்டில் சுருக்கம் குறையும். வேலையின் தத்துவம் இன்றைக்கும் அதேதான். கூடுதலாக வைத்த புள்ளியை எடுப்பது அன்றைக்குச் சிரமம், அதனால் அவர் கை தானாகவே குறைவாகத்தான் போட்டது.

அப்புறம் அந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா கேட்டது மூக்கு. "செல்ஃபியில மூக்கு பெருசா தெரியுது, கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?" முடியும், ஆனால் செய்ய மாட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். செல்ஃபி எடுக்கும்போது ஃபோன் மூக்கு நுனியிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காது அதற்கும் 12 சென்டிமீட்டர் பின்னால், அதாவது 52-ல். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், எனவே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாகப் பதிகிறது. நான் 85 எம்எம் லென்ஸோடு 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான். எடுத்துக் காட்டினேன். மூக்கைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. டச்சிங்கில் மாற்றச் சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் முகம் அல்ல, தூரம்தான்.

இன்னொன்று சொன்னார்: "முகம் ஒரு பக்கம் கோணலா இருக்கு." படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டினேன். "ஆமா, இதுதான் நான்!" என்றார். இத்தனை வருடமும் அவர் தன்னைப் பார்த்தது கண்ணாடியில். ஆனால் மற்ற எல்லாரும் அவரைப் பார்ப்பது திருப்பாத முகத்தைத்தான். அதனால் திருப்பிய படத்தைக் கொடுக்கக் கூடாது. கூடவே, முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், வலப்பக்கம் இருக்கிற மூக்குத்தி இடப்பக்கம் வந்துவிடும்.

நிறத்துக்கு வருகிறேன். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "கலர் லேசா ஏத்திடலாமா?" இதில் நான் உறுதியாக இருப்பேன். அவர் நிறம் அவருடைய அடையாளம், அதைக் கூட்ட மாட்டேன். ஆனால் கேமரா செய்த தப்பைத் திருத்துவேன். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்ததால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டாக எடுத்திருந்தது. கட்டியிருந்தது கிளிப்பச்சைப் புடவை. அதன் சாயல் தாடைக்கு அடியில் பச்சையாக விழுந்திருந்தது. முதல் ஷாட்டில் அவர் கையில் கிரே கார்டு கொடுத்து எடுத்திருந்தேன். அந்தச் சாம்பலைத் திரையில் சரியான சாம்பலாகக் கொண்டுவந்து, தாடையின் பச்சையைத் தனியாகக் குறைத்ததும் அவருடைய உண்மையான நிறம் வந்துவிட்டது. அது அவர் பயந்ததைவிட வெளிச்சமாகவே இருந்தது. அதற்கு மேல் ஏற்றினால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆகிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்: இந்தப் படத்தைப் பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ கொடுக்கக் கூடாது. அதற்கு முகத்தைத் தொடாத படம்தான் வேண்டும்.

முடித்ததும் உடனே அனுப்ப மாட்டேன். ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கி, பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்த அளவில் இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். பிறகு அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், என்ன செய்தேன் என்று சொல்லாமல் காட்ட வேண்டும். அக்காவோடு அவர் மகள் வந்திருந்தாள், காலேஜ் படிக்கிற பெண். திரையைப் பார்த்ததும், "அம்மா, அன்னைக்கு நல்லா தூங்கினியா?" என்றாள். எனக்கு நிம்மதி. ஆனால் அடுத்த நிமிஷமே கிட்டே வந்து, "காதோரம் நரைமுடி இருக்குமே, அது எங்கே?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. பறந்து நின்ற முடிகளைச் சுத்தம் செய்யும்போது காதோர வெள்ளை முடி நாலைந்தையும் சேர்த்து எடுத்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை. முடி வேலை தனி லேயரில் இருந்ததால் அந்த இடத்தில் மட்டும் மாஸ்க் போட்டு நரையைத் திரும்பக் கொண்டுவந்தேன். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, இருக்கட்டும், பேஷண்ட்டுக்கு அதுதான் முதல்ல தெரியும்" என்றார். அந்தப் படம்தான் போர்டுக்குப் போயிருக்கிறது.