ஒரு டிரிப் போட்டால் நான்கு நிறக் குப்பை: சின்ன கிளினிக்குக்கான கழிவுக் கணக்கு

வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சின்ன கிளினிக்கில் வேலை செய்கிற சிஸ்டர்கள், கம்பவுண்டர்கள், ஆயாம்மாக்கள், இந்த வீடியோ உங்களுக்குத்தான். படுக்கை இல்லாத கிளினிக்காக இருந்தாலும் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 உங்களுக்கும் பொருந்தும். சுவரில் ஒட்டியிருக்கிற நிற அட்டவணையைப் படிக்கப் போவதில்லை. வயிற்றுப்போக்கோடு ஒருவர் வருகிறார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுகிறோம். அந்த ஒரு டிரிப்பில் இருந்து என்னென்ன குப்பை வருகிறது, எது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

இந்தத் தட்டில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். எல்லாம் புதுசு, காட்டுவதற்காக. முதலில் கேனுலா. உள்ளே இருக்கிற இரும்பு ஊசியை உருவியவுடன் அது வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். வெள்ளை என்றால் பை இல்லை. குத்தினால் துளை விழாத, மூடினால் திறக்க முடியாத டப்பா. ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், அப்போது கையில் எளிதாகக் குத்திவிடும். வாந்திக்கு ஊசி மருந்து போட்டிருந்தால் அந்தச் சிரிஞ்சை நீடில் கட்டரில் கொடுத்து ஊசியை வெட்டுங்கள். ஊசி வெள்ளை டப்பாவில், பிளாஸ்டிக் சிரிஞ்ச் சிவப்புப் பையில். மருந்து இருந்த கண்ணாடி ஆம்பியூல் நீல அடையாளம் போட்ட பெட்டிக்கு. அதுவும் கண்ணாடி குத்திக்கொண்டு வெளியே வராத பெட்டியாக இருக்க வேண்டும், சும்மா அட்டைப்பெட்டி போதாது. ரத்தம் பட்ட பஞ்சும் பிளாஸ்டரும் மஞ்சள் பைக்கு. காலி பாட்டில், டிரிப் செட், கையுறை, பிறகு கழற்றுகிற கேனுலாவின் பிளாஸ்டிக் குழாய், எல்லாம் சிவப்பு. சிரிஞ்சின் மேலுறை, மருந்து அட்டைப்பெட்டி இதெல்லாம் சாதாரணக் குப்பை. இவற்றை மஞ்சளில் போட்டால் எரிக்கத் தேவையில்லாததை எரிக்கக் கொடுக்கிறோம்.

இந்தப் பாட்டிலின் மேல் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன். காற்றுப் போவதற்காகப் பல இடங்களில் ஓர் ஊசியைக் குத்தி விடுகிறோம் இல்லையா, அந்த ஊசிதான் எனக்குப் பெரிய கவலை. டிரிப் முடிந்ததும் செட்டைக் கழற்றுகிறோம், பாட்டிலைச் சிவப்புப் பையில் போடுகிறோம், ஊசி அப்படியே பாட்டிலோடு போய்விடுகிறது. பையை முடிச்சுப் போடும் ஆயாம்மாவின் உள்ளங்கையில் அது ஏறுகிறது. பையில் எங்கேயாவது சின்ன நீட்டல் தெரிந்தாலோ, அடியில் ஈரம் கசிந்தாலோ உள்ளே ஊசி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையைத் திறந்து தேடக் கூடாது, இன்னொரு சிவப்புப் பைக்குள் வைத்துக் கட்டி, மேலே எழுதி, கழிவு எடுக்க வரும் வண்டிக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். பிரிப்பது நோயாளி பக்கத்திலேயே, ஊசி போட்டவர் கையாலேயே நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிரிக்கலாம் என்று எந்தக் கிளினிக்கும் நினைக்கக் கூடாது.

யாருக்காவது குத்திவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை அன்றைக்கே டாக்டர் முடிவு செய்யட்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். சம்பவத்தையும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெப்படைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

சரி, இப்போது சேமிப்பு. பை முக்கால்வாசி நிறைந்ததும் கட்டி, தேதியோடு லேபிளும் பார்கோடும் ஒட்டி, பூட்டு போட்ட இடத்தில் வைக்கிறோம். நாயும் பூனையும் எலியும் நுழையாத, வெயில் படாத இடம். மொட்டை மாடித் தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம், நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு நாளிலேயே நாற்றம் தெரு வரைக்கும் போகும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மாதிரியானவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கட்டு பிரித்த பஞ்சு இருக்கிறது, வண்டி அன்றைக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது, அடுத்து செவ்வாய் காலைதான் வரும் என்றால் அது 72 மணி நேரம். அப்படி ஒரு வண்டி நேரம் உங்களுக்கு இருந்தால் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் வரச்சொல்லி சுத்திகரிப்பு மையத்துக்கு எழுத்தில் கேளுங்கள். தவிர்க்க முடியாமல் தாண்டிவிட்டால் காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவரை கெடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. பொதுச் சுத்திகரிப்பு மையம் 75 கிலோமீட்டருக்குள் இருந்தால் நாமே எரிக்கவோ புதைக்கவோ கூடாது. பின்பக்கம் தீ வைப்பது எந்தக் காரணத்துக்கும் சரியில்லை.

அப்புறம் ரிஜிஸ்டர். தேதி, நிறம், பைகளின் எண்ணிக்கை, எடை, எடுத்துப் போனவர் கையெழுத்து. பலர் இதை மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் எழுதுகிறார்கள். பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒரே பேனா, தினமும் அரைக் கிலோ அரைக் கிலோ என்று எழுதியிருக்கும். நிஜமான கிளினிக்கில் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரே எடை வராது.

எடையைக் கவனித்து எழுதினால் ஒரு திருட்டும் பிடிபடும். ஒரு காலி அரை லிட்டர் பாட்டிலும் டிரிப் செட்டும் சேர்ந்து நம் தராசில் கிட்டத்தட்ட 45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிராண்டை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். நோட்டில் பத்து டிரிப் என்று இருந்தால் சிவப்பில் 450 கிராமாவது வர வேண்டும், சிரிஞ்சும் கையுறையும் அதற்கு மேல். ரிஜிஸ்டரில் 150 கிராம்தான் இருக்கிறது என்றால், மற்ற பாட்டில்கள் எங்கே போயின? அனேகமாகக் காயலான் கடைக்கு. ரத்தம் ஏறிய செட்டோடு அவை அங்கே போகின்றன, அதைப் பிரிக்கிறவருக்குக் கையுறை கூட இருக்காது. மையத்துக்குப் போயிருந்தால் ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து, துண்டு துண்டாக்கி, அதன் பிறகுதான் பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போயிருக்கும். மஞ்சள் பை எரிகலனுக்குப் போகும். வெள்ளை டப்பா கிருமிநீக்கம் ஆகி, நொறுக்கப்பட்டு, இரும்பு உருக்காலைக்கோ பாதுகாப்பான குழிக்கோ போகும். நீலக் கண்ணாடியும் கிருமிநீக்கத்துக்குப் பிறகு மறுசுழற்சிக்குத்தான்.

ரிஜிஸ்டரை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான ஆண்டு அறிக்கை படிவம் 4-இல், அடுத்த ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு. தினசரி எடையைக் கூட்டினாலே அந்தப் படிவத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். நாளை காலை முதல் வேலையாக உங்கள் டிரிப் நோட்டையும் கழிவு ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்து, போன வாரத்துச் சிவப்பு எடை பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எத்தனை கிராம் குறைகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.