உணவைக் குறைக்காமலே எடை இறங்கியது, ஆனால் உடம்பு கொதித்தது: மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு ஒழுகினால் என்ன ஆகும்?

(திரை இருட்டு. நடுவில் ஒரு தட்டில் மஞ்சள் தூள்.)

1933. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்த மஞ்சள் தூளை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பெயர் டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டிஎன்பி. சாப்பிட்டவர்கள் உணவைக் குறைக்கவில்லை, ஓடவில்லை, ஆனாலும் எடை மளமளவென்று இறங்கியது. கொஞ்ச நாளிலேயே மருந்துச் சீட்டு இல்லாமலே கடைகளில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது, சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடம்பு சூடாகிச் சூடாகியே இறந்தார்கள். காய்ச்சல் மாத்திரையால் அந்தச் சூட்டை இறக்க முடியாது, ஏனென்றால் அது கிருமிக் காய்ச்சல் இல்லை. 1938-ல் மனிதர்கள் உட்கொள்ளத் தகாதது என்று அங்கே அறிவித்தார்கள். இன்றும் இணையத்தில் எடை குறைக்கிறேன் என்று யாராவது இதை விற்றால் தொடவே தொடாதீர்கள். இதன் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது.

அந்தத் தூள் உடம்புக்குள் செய்தது ஒரே ஒரு வேலை. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வை ஒழுக விட்டது. அவ்வளவுதான். ஒரு சவ்வு ஒழுகியதற்கு ஏன் ஓர் ஆளே வேக வேண்டும்? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

(திரையில்: மைட்டோகாண்ட்ரியா, குறுக்குவெட்டுப் படம்.)

படத்தை விரைவாகப் பார்த்துவிடலாம். வெளிச்சவ்வு ஒரு சல்லடை. அதில் போரின் என்ற புரதங்கள் துளைகளாக இருக்கின்றன, சிறிய மூலக்கூறுகள் தாராளமாகப் போய்வரும். அதற்குள்ளே உட்சவ்வு. இது சல்லடைக்கு நேரெதிர். தனித்தனிக் கடத்திப் புரதம் இருந்தால்தான் எதுவும் கடக்கும், புரோட்டான் போன்ற பொடிசுக்குக்கூட வழி கிடையாது. இரண்டு சவ்வுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி. உட்சவ்வுக்கு உள்ளே கெட்டியான கூழ் போன்ற மேட்ரிக்ஸ். உட்சவ்வின் மடிப்புகள்தான் கிரிஸ்டே.

சரி, இப்போது ஒரே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பின்தொடரலாம். வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தாளில் இந்தப் படத்தை வரைந்துகொண்டு, நான் சொல்லச் சொல்ல விரலை நகர்த்துங்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது நன்றாக மனதில் நிற்கும்.

விரலை முதலில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே வையுங்கள். கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது, ஆக்சிஜன் தேவையில்லை. ஆறு கார்பன் குளுக்கோஸ், மூன்று கார்பன் பைருவேட்டாக இரண்டு துண்டாகிறது. கையில் மிஞ்சுவது செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் 2 ஏடிபி, எலக்ட்ரான் சுமக்கும் 2 என்ஏடிஹெச்.

அடுத்து பைருவேட் போரின் துளை வழியாக வெளிச்சவ்வைத் தாண்டுகிறது, தனக்கென்று இருக்கும் கடத்திப் புரதத்தின் வழியாக உட்சவ்வைத் தாண்டுகிறது. விரல் இப்போது மேட்ரிக்ஸில். இங்கே ஒவ்வொரு பைருவேட்டும் ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக விட்டுவிட்டு அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. அது கிரப் சுழற்சிக்குள் நுழைந்து ஒரு சுற்று முடிப்பதற்குள் இன்னும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இரண்டு பைருவேட்டுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குளுக்கோஸில் இருந்த ஆறு கார்பனும் போய்விட்டது. ஆனால் நீங்கள் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை! ஆக்சிஜனை இழுக்கிறோம், அது கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. மேட்ரிக்ஸில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் குளுக்கோஸிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. நீங்கள் இழுத்த ஆக்சிஜன் போய்ச் சேரும் இடம் வேறு, அது உட்சவ்வு. அங்கே அது தண்ணீராகிறது.

(திரையில்: உட்சவ்வை நெருங்கிப் போகிறோம்.)

கிளைக்காலிசிஸிலும் மேட்ரிக்ஸிலும் சேர்ந்த மொத்தக் கணக்கு 10 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2. இவை சுமந்துவரும் எலக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்திருக்கும் பெரிய புரதக் கூட்டங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறி, கடைசியில் நான்காவது கூட்டத்தில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. தேர்வெழுதுபவர்கள் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள்: கிரப் சுழற்சி நொதிகளில் சக்சினேட் டீஹைட்ரஜனேஸ் மட்டும் மேட்ரிக்ஸில் மிதக்காது, அது உட்சவ்விலேயே இருக்கும் இரண்டாவது கூட்டம்.

எலக்ட்ரான் இறங்கிவரும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு ஒன்று, மூன்று, நான்கு ஆகிய கூட்டங்கள் மேட்ரிக்ஸிலிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளுகின்றன. ஒரு என்ஏடிஹெச்சுக்குப் பத்துப் புரோட்டான். வெளியே போன புரோட்டான் சவ்வு வழியாகத் திரும்ப முடியாது. அதனால் சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. சுமார் 150 மில்லிவோல்ட்.

இது என்ன பெரிய மின்சாரம் என்று தோன்றும். கைக்கடிகார பேட்டரிகூட 1.5 வோல்ட், இதைவிடப் பத்து மடங்கு. ஆனால் அந்தச் சவ்வின் தடிமனைப் பாருங்கள். சுமார் 5 நானோமீட்டர். 0.15 வோல்ட்டை 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! காற்று 30 லட்சம் வோல்ட்டிலேயே தாங்க முடியாமல் உடைந்து தீப்பொறி பறக்கும். அதைப் போலப் பத்து மடங்கு மின்புலத்தை, எண்ணெய்ப் படலம் மாதிரியான ஒரு சவ்வு தாங்கிக்கொண்டு நிற்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பில் எத்தனையோ கோடி மைட்டோகாண்ட்ரியாவில் இந்த நொடியில் இதுதான் நிலவரம்.

வெளியே நெருக்கியடித்து நிற்கும் புரோட்டான்களுக்கு உள்ளே திரும்ப முக்கியமான வாசல் ஒன்றுதான், ஏடிபி சிந்தேஸ். பாடப்புத்தகத்தில் ஆக்சிசோம், எஃப்1 துகள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். புரோட்டான்கள் நுழைய நுழைய அதன் அடிவளையம் சுற்றுகிறது, ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. 'சுற்றுகிறது' என்பதை உவமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் புரத இழை ஒன்றை ஒட்டவைத்து, ஏடிபியைக் கொடுத்து எதிர்வழியில் ஓட்டி, இழை சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தார்கள்.

கணக்கையும் முடித்துவிடலாம். செய்த ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்பும் செலவையும் சேர்த்தால் ஒரு ஏடிபிக்குச் சுமார் நான்கு புரோட்டான் ஆகிறது. அப்படியென்றால் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 2.5 ஏடிபி, முழு குளுக்கோஸுக்கு 30 அல்லது 32. பல புத்தகங்களில் இருக்கும் 36, 38 எல்லாம் ஒரு என்ஏடிஹெச்சுக்கு மூன்று என்று முழு எண்ணாக வைத்துக்கொண்ட பழைய கணக்கு.

(திரையில்: ஒரு புடவைக் கொசுவம். பக்கத்தில் ஒரு சுருக்குப்பை.)

கிரிஸ்டே ஏன் மடிந்திருக்கிறது? பரப்பளவு கூடுவதற்கு, என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். சரிதான். ஐந்தரை மீட்டர் புடவையைக் கொசுவம் வைத்து இடுப்பளவில் அடக்குவது போல, நிறைய சவ்வைக் குட்டி இடத்தில் அடக்கலாம். ஓயாமல் துடிக்கும் இதயத் தசையின் மைட்டோகாண்ட்ரியாவில் கிரிஸ்டே நெருக்கி அடுக்கியிருக்கும், கல்லீரலில் அவ்வளவு நெருக்கம் இருக்காது.

ஆனால் கொசுவம் என்ற உவமையோடு நின்றுவிட்டால் பாதிதான் புரியும். கொசுவ மடிப்பின் வாய் அகலமாகத் திறந்திருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் படமெடுத்து, 1990-களில் முப்பரிமாணமாகச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. கிரிஸ்டே பாட்டியின் இடுப்பிலிருக்கும் சுருக்குப்பை மாதிரி. வயிறு பெரிது, வாய் மட்டும் இறுக்கிச் சுருக்கிய மாதிரி குறுகல், சில பத்து நானோமீட்டர்தான். எலக்ட்ரான் சங்கிலியின் புரதங்கள் பெரும்பாலும் பையின் பக்கச் சுவர்களில் இருக்கின்றன. ஏடிபி சிந்தேஸ்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, மடிப்பு வளையும் விளிம்பில் வரிசை பிடிக்கின்றன. அந்த வளைவை உண்டாக்குவதே இந்த ஜோடிகள்தான். ஜோடி சேர முடியாதபடி செய்த ஈஸ்ட் செல்களில் கிரிஸ்டே ஒழுங்காக உருவாகாமல் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகிவிடுகிறது.

இனி டிஎன்பிக்கு வரலாம். அது சவ்வில் துளை எதுவும் போடவில்லை. வெளியே ஒரு புரோட்டானைப் பிடிக்கும், கொழுப்பில் கரைந்து சவ்வைக் கடக்கும், உள்ளே இறக்கிவிடும், திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்கும். ஏடிபி சிந்தேஸ் வாசலைத் தொடாமலே புரோட்டான்கள் உள்ளே வந்துவிடுகின்றன.

(திரையில்: வரைபடம். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் ஆக்சிஜன் அளவு.)

ஆய்வகத்தில் இதை நேரடியாகப் பார்க்கலாம். எலியின் கல்லீரலிலிருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியாவை, ஆக்சிஜனை அளக்கும் மின்முனை பொருத்திய சின்னக் குடுவையில் போட்டு, எரிக்க சக்சினேட், கூடவே பாஸ்பேட் கொடுக்கிறோம். கோடு மெதுவாக இறங்குகிறது. ஏடிபியாக மாற்ற, அதைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த மூலக்கூறான அடினோசின் டைபாஸ்பேட் இல்லை, ஏடிபி சிந்தேஸ் சுற்றவில்லை, புரோட்டான் தேங்கிவிட்டது, தள்ளுகிறவர்களால் மேலும் தள்ள முடியவில்லை. அதனால் ஆக்சிஜனும் அதிகம் செலவாகவில்லை. இப்போது அந்த அடினோசின் டைபாஸ்பேட்டைச் சேர்த்தால் கோடு செங்குத்தாகச் சரியும். அது தீர்ந்ததும் மறுபடி மெதுவாகும். அடுத்து ஆலிகோமைசினைச் சேர்த்து ஏடிபி சிந்தேஸ் வாசலை அடைக்கிறோம். இனி டைபாஸ்பேட்டை எவ்வளவு கொட்டினாலும் கோடு வேகமாகச் சரியாது. இந்த நிலையில் டிஎன்பி ஒரு சொட்டு. கோடு சரசரவென்று விழுந்து, குடுவையில் ஆக்சிஜன் தீரும்வரை நிற்காது. சயனைடு போட்டால் மட்டும் நின்றுவிடும், ஏனென்றால் அது நான்காவது கூட்டத்தையே அடைத்துவிடுகிறது.

1930-களில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களின் உடம்புக்குள் நடந்ததும் இதே சரிவுதான். கொழுப்பும் சர்க்கரையும் கட்டுப்பாடில்லாமல் எரிகின்றன, ஆக்சிஜன் தாறுமாறாகச் செலவாகிறது, மூச்சு வாங்குகிறது. ஏடிபி உருவாவதோ குறைகிறது. ஏடிபியாக மாற வேண்டிய ஆற்றல் முழுக்கச் சூடாகிறது.

இதே ஒழுகலை அளவோடு, வேண்டுமென்றே செய்யும் இடம் ஒன்று நம் உடம்பில் இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அவர்களின் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கும். அந்தச் செல்களின் உட்சவ்வில் தெர்மோஜெனின் என்ற புரதம் புரோட்டான்களுக்குத் தனி வாசல் திறந்துவிடுகிறது. குளிர் பட்டால் திறக்கும், தேவை தீர்ந்தால் மூடும், டிஎன்பிக்கு அந்த மூடுதல்தான் இல்லை. அந்தக் கொழுப்புக்குப் பழுப்பு நிறம் வரக் காரணமும் மைட்டோகாண்ட்ரியாதான். அவ்வளவு நெருக்கமாக நிறைந்திருப்பதால், உட்சவ்வின் சைட்டோகுரோம்களில் இருக்கும் இரும்பின் நிறம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது.