லீவு ஃபார்மில் எந்தக் கட்டம் உங்களுடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

பெரும்பாலான கம்பெனிகளில் விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் 'பரிந்துரைப்பவர்' என்று இருக்கும், மற்றதில் 'ஒப்புதல் அளிப்பவர்' என்று இருக்கும். தொழிலாளர் நீதிமன்றத்தில் நான் வழக்காடும் இத்தனை ஆண்டுகளில், ஒருவரின் வேலை போனதா திரும்பியதா என்பதை இந்த இரண்டு கட்டங்களே தீர்மானித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்று அப்படி ஒரு வழக்கைச் சொல்லப் போகிறேன்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். கையில் ஒரே ஒரு தாள். 'நியமன ஆணையின் நிபந்தனைப்படி உங்கள் பணி முடித்துக்கொள்ளப்படுகிறது, ஒரு மாதச் சம்பளம் இணைக்கப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். காரணம் இல்லை, விசாரணை இல்லை. பதவி என்ன என்று கேட்டேன். "அசிஸ்டன்ட் மேனேஜர், குவாலிட்டி" என்றார். சம்பளம் 34,000. அவரே தொடர்ந்து, "நான் ஸ்டாஃப் சார், லேபர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாதுன்னு எச்.ஆர்.ல சொல்லிட்டாங்க" என்றார்.

எச்.ஆர். சொன்னது சரியா என்பதுதான் வழக்கே. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் 'தொழிலாளி' யார் என்பதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தது. அதற்குள் வந்தால், காரணமின்றி அனுப்பப்பட்டவர் தொழிலாளர் நீதிமன்றம் போய் வேலையையே திரும்பக் கேட்கலாம். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். அத்தோடு முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியத்தையும் அனுப்பும்போதே கொடுத்திருக்க வேண்டும். இவர் கணக்கில் அரை மாதம் 17,000, ஒன்பது ஆண்டுக்கு 1,53,000 ரூபாய். அதில் ஒரு பைசாகூட வரவில்லை. அந்தத் தொகையைக் கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பு சட்டப்படி செல்லாது.

விளக்கத்துக்கு வெளியே இருந்தால் கதையே வேறு. அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தனியார் வேலையில் 'இவரைத் திரும்ப வேலைக்கு வை' என்று சிவில் நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. நஷ்டஈடு கேட்டாலும், பெரும்பாலும் நியமன ஆணையில் எழுதியிருக்கும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். அதைத்தான் அவர் ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்.

சரி, அந்த விளக்கம் என்ன சொல்கிறது? உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, இயக்குவது, மேற்பார்வை என்று சில வகை வேலைகளைச் சொல்லி, இவற்றைச் செய்பவர் தொழிலாளி என்கிறது. அப்புறம் சிலரை வெளியே தள்ளுகிறது. ராணுவம், காவல்துறை போன்றவற்றை விடுங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு. முதன்மையாக நிர்வாகப் பணி செய்பவர் வெளியே, சம்பளம் எவ்வளவானாலும் சரி. மேற்பார்வைப் பணி செய்பவர், ஒரு வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கினால் வெளியே. அந்த வரம்பு 1956-இல் 500 ரூபாய், 1984-இல் 1,600, 2010-இல் 10,000.

சம்பள வரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டும்தான் என்பதைப் படித்தவர்கள்கூடக் கவனிப்பதில்லை. தொழில்நுட்ப வேலை செய்பவர் மாதம் ஒரு லட்சம் வாங்கினாலும் தொழிலாளிதான். "எனக்குச் சம்பளம் ஜாஸ்தி, அதனால் நான் தொழிலாளி இல்லை" என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு மூன்று வருடம் கழித்து வருபவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மேற்பார்வையாளர் என்று முத்திரை விழுந்துவிட்டால், இந்தக் காலத்தில் 10,000 ரூபாய்க்குள் யார் மேற்பார்வை பார்க்கிறார்கள்? ஆகவே கம்பெனிகள் 'இவர் மேனேஜர்' என்று கஷ்டப்பட்டு நிரூபிக்கத் தேவையே இல்லை. 'இவர் மேற்பார்த்தார்' என்று காட்டினாலே போதும்.

என் கட்சிக்காரர் விஷயத்திலும் அதைத்தான் செய்தார்கள். நியமன ஆணை, பதவிப் படிநிலைப் படம், அதில் இவர் பெயருக்குக் கீழே ஐந்து இன்ஸ்பெக்டர்கள். அந்த ஐவருக்கும் ஆண்டுதோறும் இவர் மதிப்பெண் போட்ட படிவங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் யார் வர வேண்டும் என்று இவர் அனுப்பிய ஒரு ஈமெயில். பார்த்தவுடன் எனக்கே கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, தான் தொழிலாளி என்று நிரூபிக்கும் பொறுப்பு, அப்படிச் சொல்லி வழக்குப் போடுபவர் தலையில்தான் இருக்கிறது.

பதவிப் பெயரைப் பார்க்காதே, முதன்மையான வேலை எது என்று பார் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விதி. ஒருவர் ஒரு நாளில் பத்து வேலை செய்வார். அதில் எதற்காக அவரை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதனால் நான் அவரிடம் காலை எட்டு மணியிலிருந்து சொல்லச் சொன்னேன். பஞ்ச் அடித்து உள்ளே போவார். லைனில் வந்த பாகங்களை எடுத்து வெர்னியரிலும் கேஜிலும் வைத்து அளப்பார். டிராயிங்கில் உள்ள அளவோடு ஒப்பிடுவார். ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மாதம் ஒருமுறை கேஜ்களைச் சரிபார்ப்புக்கு அனுப்புவார். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் குறை எங்கே என்று தேடுவார். ஐந்து இன்ஸ்பெக்டர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். இவர் கொஞ்சம் சிக்கலான பாகங்களை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மேற்பார்வை என்றால் ஆட்களை மேற்பார்ப்பது. பொருளைச் சரிபார்ப்பதும் கணக்கைச் சரிபார்ப்பதும் அதில் சேராது. 1988-இல் நேஷனல் எஞ்சினியரிங் என்ற நிறுவனத்தின் உள்தணிக்கையாளர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரியில்தான் போனது. கணக்கைச் சோதித்து மேலே அறிக்கை தருபவர், யாரையும் மேற்பார்ப்பவர் ஆகிவிட மாட்டார், அவர் தொழிலாளிதான் என்றது. அதற்கும் முன்னால், ஆனந்த பஜார் பத்திரிகை வழக்கில், வருங்கால வைப்புநிதிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரைப் பற்றிய கேள்வி வந்தது. அவருக்குக் கீழே எழுத்தர்கள் இருந்தார்கள். ஆனால் விடுப்பைப் பரிந்துரைக்கத்தான் முடியும், கொடுக்க முடியாது. நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் இல்லை. அவரும் தொழிலாளி என்றே முடிந்தது.

எனவே நான் கம்பெனியிடம் ஐந்து இன்ஸ்பெக்டர்களின் இரண்டு ஆண்டு விடுப்பு விண்ணப்பங்களையும் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட்டேன். வந்தன. எல்லாவற்றிலும் இவர் கையெழுத்து முதல் கட்டத்தில். இரண்டாவது கட்டத்தில் பிளான்ட் மேனேஜர். குறுக்கு விசாரணையில் எச்.ஆர். மேலாளரிடம் கேட்டேன்: "இவர் பரிந்துரை செய்து, மேலே மறுக்கப்பட்ட விடுப்பு உண்டா?" உண்டு என்றார். "இவர் கொடுத்த மெமோ ஒன்றாவது காட்ட முடியுமா?" இல்லை. "இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் எடுத்த நேர்காணலில் இவர் உட்கார்ந்தாரா?" இல்லை. "இவர் போட்ட மதிப்பெண்ணை மேலே மாற்றியது உண்டா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, அது வழக்கம்தான் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈமெயில் தயாரிப்புப் பிரிவிலிருந்து வந்த பட்டியலை அப்படியே திருப்பி அனுப்பியது என்பதும், அதே ஈமெயிலின் அடிப்பகுதியைப் படித்தபோது தெரிந்துவிட்டது. கம்பெனி தாக்கல் செய்த தாள்தான், அதையே அவர்கள் முழுசாகப் படித்திருக்கவில்லை.

அவர் தொழிலாளி என்று தீர்ப்பு வந்தது. மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளம்.

எல்லா வழக்கும் இப்படி முடியாது. அந்த ஐந்து பேரில் ஒருவருக்கு அவர் ஒரே ஒரு மெமோ கொடுத்து, அதன்மேல் நடவடிக்கையும் நடந்திருந்தால் நான் திணறியிருப்பேன். கரோனா சாஹு செருப்புக் கம்பெனியின் கடை மேலாளர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-இல் தோற்றார். சில வேலைகளைத் தானே கையால் செய்தாலும், கடையை நடத்தும் பொறுப்பு அவருடையதாக இருந்ததால் அவர் தொழிலாளி இல்லை. 2024 அக்டோபரில் வந்த இன்னொரு தீர்ப்பு என்னை இன்னும் உறுத்துகிறது. 2003-இல் அனுப்பப்பட்ட ஒரு பொறியாளர். மேற்பார்வைப் பணி, சம்பளம் அன்றைய வரம்பான 1,600 ரூபாய்க்கு மேல், ஆகவே தொழிலாளி இல்லை என்று முடிந்தது. 1984-இல் வைத்த வரம்பு 2010 வரை அசையாமல் கிடந்தது. அந்த இடைவெளியில் வேலை போனவர்களில் எத்தனை மேற்பார்வையாளர்கள் 1,600-க்குள் வாங்கியிருப்பார்கள்?

இப்போது சட்டமே மாறிவிட்டது. தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விளக்கத்தின் எலும்புக்கூடு பழையதுதான். மேற்பார்வையாளருக்கான வரம்பு மட்டும் 18,000 ஆகியிருக்கிறது. கட்டங்கள் இரண்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொழிலாளி இல்லை என்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அர்த்தமில்லை. ஐந்தாண்டு முடித்த மேலாளருக்கும் பணிக்கொடை உண்டு. தமிழ்நாட்டில் இன்னொரு வாசலும் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. கடையிலோ வணிக நிறுவனத்திலோ ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் அனுப்பக் கூடாது என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது. ஆனால் மேற்பார்வையாளருக்குச் சம்பள வரம்பு எதையும் அது வைக்கவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் 'மேற்பார்வை' என்ற ஒரு சொல்லில் அடிபட்டுப் போகக்கூடிய ஒருவர், இந்த வாசல் வழியாக மேல்முறையீடு செய்ய முடியும். காலக்கெடு குறுகியது, அதனால் கடிதம் கைக்கு வந்த வாரமே யாரையாவது போய்ப் பாருங்கள்.

அந்த அசிஸ்டன்ட் மேனேஜர் திரும்ப வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனபின் ஒரு நாள் போன் செய்தார். குரலில் ஒரு பயம்.

"சார், புரமோஷன் ஆர்டர் குடுத்திருக்காங்க. இனிமே மேனேஜராம். கையெழுத்துப் போடவா?"

"சம்பளம் ஏறுதா?"

"இரண்டாயிரம் ஏறுது."

"லீவு ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுறீங்க?"

"அதே முதல் கட்டம்தான் சார்."

வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்த வார விடுப்பு விண்ணப்பம் ஒன்றை மட்டும் நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.