ஒப்புதல் கேட்கும் மின்னஞ்சலில் யெட், ஆல்ரெடி, ஸ்டில்

வணக்கம் நேயர்களே. ஒரு கொள்முதலுக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பியாகிவிட்டது, பதில் வரவில்லை. நினைவூட்டி ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத உட்காருகிறோம். பலருடைய கடிதம் இப்படித்தான் இருக்கும்: "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் தி கொட்டேஷன் ஆன் மண்டே. ஸ்டில் அப்ரூவல் நாட் ரிசீவ்ட்."

முதல் வாக்கியத்தில் "ஆன் மண்டே" என்று நாள் வந்துவிட்டது. நாளைச் சொன்ன பிறகு ஹேவ் நிற்காது. "ஐ சென்ட் தி கொட்டேஷன் ஆன் மண்டே" என்று சிம்பிள் பாஸ்டில் எழுத வேண்டும். நாள் வேண்டாம் என்றால் "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்" சரி. நினைவூட்டலுக்கு நான் நாள் சொல்வதையே விரும்புவேன்; அதிகாரி தன் இன்பாக்ஸில் தேடிப் பார்க்க வசதி. அதோடு, அவர் கேட்காதபோது ஆல்ரெடி போட்டால் "நான்தான் அனுப்பிவிட்டேனே" என்ற தொனி வந்துவிடும். கொட்டேஷனை அனுப்புங்கள் என்று அவரே மறுபடி கேட்டால், அப்போது ஆல்ரெடி பொருந்தும்.

இரண்டாவது வாக்கியத்தில் ஹேவ் காணாமல் போய்விட்டது. "இன்னும் வரவில்லை" என்பதற்கு நேரான வடிவம் "வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் தி அப்ரூவல் யெட்". யெட் கடைசியில், வினை ப்ரசன்ட் பெர்ஃபெக்டில். அமெரிக்கர்கள் பேச்சில் "டிட் நாட் ரிசீவ் இட் யெட்" என்பதும் உண்டு. அலுவலகக் கடிதத்துக்கு ஹேவ் நாட்தான் பத்திரம். இதையே "வீ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்" என்றும் எழுதலாம், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் பொறுமை குறைந்துவிட்டது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் முதல் நினைவூட்டலில் யெட், மூன்றாவதில் வேண்டுமானால் ஸ்டில்.

கேள்வியிலும் இதே கவனம் வேண்டும். "ஹேஸ் இட் பீன் அப்ரூவ்ட் யெட்?" என்றால் ஒப்புதல் ஆகிவிட்டதா என்று இயல்பாக விசாரிப்பது. யெட் இருந்த இடத்தில் ஆல்ரெடி போட்டால், "அதற்குள்ளேயா?" என்று வியப்பதுபோல் ஆகிவிடும்.

ஒரு நிலை மாறாமல் அப்படியே தொடர்கிறது என்றால் அங்கே ஸ்டில்லும் நிகழ்காலமும். "தி ரிக்வெஸ்ட் இஸ் ஸ்டில் பெண்டிங்" சரி. "இஸ் பெண்டிங் யெட்" வேண்டாம். நமக்கு இரண்டு இடத்திலும் "இன்னும்" என்றே வருவதால்தான் கை தடுமாறுகிறது. "இன்னும் நடக்கவில்லை" என்றால் யெட்டும் ஹேவ் நாட்டும், "இன்னும் அப்படியே இருக்கிறது" என்றால் ஸ்டில்லும் இஸ்ஸும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நீங்களே பதில் எழுதும் இடத்தில் இருக்கிறீர்கள். ஃபைல் எங்கே என்று ஒருவர் கேட்கிறார். மூன்று சொல்லும் அதனதன் இடத்தில் வரும்: "தி டைரக்டர் ஹேஸ் ஆல்ரெடி சைன்ட் இட். தி ஃபைல் இஸ் ஸ்டில் வித் ஃபைனான்ஸ். தே ஹேவ் நாட் சைன்ட் இட் யெட்." யார் கையெழுத்திட்டார், யாரிடம் நிற்கிறது, யார் பாக்கி என்பதெல்லாம் இதிலேயே வந்துவிடுகிறது.